மோனோ பின்னை ஸ்டீரியோ சாக்கெட்டில் செருகினால்: ஒரு பக்கச் சத்தம், இரைச்சல், அறிகுறிப்படி சரிசெய்வது

வேலூர், ஆரணி, குடியாத்தம் பக்கம் ஆடி மாதம் வந்துவிட்டால் மைக் செட் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணா, போன்ல பாட்டு நல்லாத்தான் இருக்கு, மிக்சருக்குப் போனா அரைகுறையா வருது", இல்லையென்றால் "ஒரே உம்முனு இரையுது". ஆம்ப்ளிஃபையர் போச்சு என்று முடிவு கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும் முன் வயரின் இரண்டு முனைகளையும் கையில் எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் இந்தப் புகார்களில் பெரும்பாலானவை பின்னிலேயே முடிந்துவிடும்.

பின்னில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். ஒரு வளையம் இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ, மூன்று இருந்தால் மைக்கோடு சேர்ந்த போன் ஹெட்செட் பின். சின்ன 3.5 மி.மீ. பின்னுக்கும் (கடையில் ஈ.பி. பின் என்பார்கள்), பெரிய 6.35 மி.மீ. பின்னுக்கும் (பி-38 என்று கேட்டால் கொடுப்பார்கள்) இதே கணக்குதான். ஸ்டீரியோ பின்னில் நுனி இடது பக்கச் சத்தம், நடுவளையம் வலது, அடிப்பாகம் எர்த். மோனோ பின்னில் நடுவளையம் கிடையாது, அந்த இடம் வரைக்கும் அடிப்பாகமே நீண்டிருக்கும். அதனால் அதை ஸ்டீரியோ சாக்கெட்டில் செருகியதும் சாக்கெட்டுக்குள் வலது பக்கத் தகடும் எர்த் தகடும் ஒரே உலோகத்தில் உட்கார்ந்துவிடும், அதாவது வலது பக்கம் எர்த்தோடு ஷார்ட். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவது எல்லாம் புரியும்.

எந்தச் சோதனை செய்தாலும் முதலில் மிக்சரின் வால்யூமைக் கீழே இறக்கிவிட்டு அப்புறம் பின்னைச் செருகுங்கள், கழற்றுங்கள். வயரின் மறுமுனை கேனன் பின்னாக இருந்து மிக்சரின் மைக் சாக்கெட்டில் போகிறது என்றால் 48 வோல்ட் ஃபேன்டம் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், அது ஆனில் இருந்தால் அந்த மின்சாரம் போனுக்குள்ளே போகும்.

## அறிகுறி 1: ஹெட்போனில் ஒரு காதில் மட்டும் சத்தம்

எந்தக் காது என்று முதலில் பாருங்கள். மோனோ பின் கொல்வது எப்போதும் வலது பக்கத்தைத்தான். ஹெட்போனை L, R பார்த்துச் சரியாக மாட்டிக்கொண்டு, வலது கேட்கிறது, இடது கேட்கவில்லை என்றால் இது மோனோ பின் விவகாரமே இல்லை. பின் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது நுனிக்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது. அந்த இரண்டையும் பார்த்துவிட்டு இந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

வலது காது செத்திருந்தால், நடுவில் உள்ளதைக் கழற்றுங்கள். ஹெட்போனின் சொந்தப் பின் ஸ்டீரியோவாகத்தான் இருக்கும், குற்றவாளி பெரும்பாலும் இடையில் போட்ட அடாப்டர் அல்லது எக்ஸ்டென்ஷன் வயர். 3.5 பின்னைப் பெரிய பி-38 ஆக மாற்றும் அடாப்டரில் மோனோவும் ஸ்டீரியோவும் ஒரே டப்பாவில் கிடக்கும், பளபளப்பில் வித்தியாசமே தெரியாது, வளையத்தை எண்ணினால்தான் தெரியும். ஹெட்போனை நேராக ஒரு போனிலோ டிவியிலோ செருகிப் பாருங்கள். இரண்டு காதும் கேட்டால் ஹெட்போன் நல்லது, அடாப்டரை மாற்றினால் வேலை முடிந்தது, சில பத்து ரூபாய்ச் செலவு.

இரண்டு காதிலும் கேட்கிறது, ஆனால் இரண்டிலும் ஒரே சத்தம் என்றால் அதையும் சரி என்று விட வேண்டாம். சில மோனோ அடாப்டர்களுக்குள் இரண்டு காதுகளையும் நுனியோடு சேர்த்து இணைத்திருப்பார்கள். காதுக்கு இரண்டு பக்கமும் வருவதாகத் தோன்றும், வருவது இடது பக்கம் மட்டும்தான், மிக்சரின் வலது பக்கம் அங்கே ஷார்ட்டாகியே கிடக்கிறது.

சாக்கெட்டே மோனோவாக இருக்கலாம். சின்ன கிட்டார் ஆம்ப்ளிஃபையர், பழைய ரேடியோ போன்றவற்றில் இயர்போன் சாக்கெட் மோனோவாக வருவது உண்டு. அங்கே ஸ்டீரியோ ஹெட்போனின் நடுவளையத்தைத் தொடத் தகடே இல்லை, ஆகவே வலது காது கேட்காது. பின்னைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடித்தால் இரண்டு காதிலும் மெல்லியதாக வரும் என்று பலர் அப்படியே டேப் போட்டு ஒட்டிவைக்கிறார்கள். அப்போது இரண்டு காதும் ஒன்றன்பின் ஒன்றாக எதிரும் புதிருமாக இணைந்திருக்கிறது, சத்தம் குழியாக இருக்கும், பின் நழுவினால் எங்கே ஷார்ட்டாகும் என்றும் சொல்ல முடியாது. மோனோ சாக்கெட்டுக்கு ஏற்ற அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

எல்லாம் ஸ்டீரியோதான், இருந்தும் வலது வரவில்லை என்றால் பின்னைச் செருகியபடியே மெதுவாகச் சுழற்றுங்கள். விட்டுவிட்டு வந்தால் சாக்கெட்டின் தகடு தளர்ந்திருக்கிறது அல்லது பலகையில் சால்டர் விட்டிருக்கிறது. போனாக இருந்தால் அணைத்துவிட்டு, சாக்கெட்டுக்குள் அடைந்திருக்கும் சட்டைப்பை நூலை மரப் பல்குச்சியால் எடுத்துப் பாருங்கள், ஊசி வேண்டாம். சுத்தம் செய்தும் சுழற்றியும் வலது பக்கம் மௌனமாகவே இருந்தால் அது கடைக்குப் போக வேண்டிய வேலை.

## அறிகுறி 2: மைக் செட்டில் பாட்டு வருகிறது, ஆனால் பாட்டில் ஏதோ குறைகிறது

இதுதான் ஆளை ஏமாற்றும் அறிகுறி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹெட்போனில் ஒரு காது செத்தால் உடனே தெரியும். மைக் செட்டில் தெரியாது. கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் ஒரே சத்தம்தான் போகிறது, இடது வலது என்று பிரித்துக் கேட்க வழியே இல்லை. வலது பக்கம் மொத்தமாகப் போனாலும் எல்லாக் கூம்பும் பாடிக்கொண்டுதான் இருக்கும். குரல் பெரும்பாலும் நடுவில், அதாவது இரண்டு பக்கத்திலும் சமமாகப் பதிவாகியிருப்பதால் குரல் குறையாது. வலது பக்கமாகத் தள்ளிப் பதிவு செய்த வயலினோ தபேலாவோ மட்டும் காணாமல் போகும். பழைய ஸ்டீரியோப் பதிவுகளில் வாத்தியங்களை ஒரேயடியாக ஒரு ஓரத்தில் வைத்திருப்பது உண்டு, அவற்றில் இது பளிச்சென்று தெரியும்.

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா. இரவு கூத்து தொடங்கும்வரை போனிலிருந்து சாமிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒரு பாட்டில் தவில் மட்டும் தூரத்தில் எங்கோ அடிப்பதுபோல் இருந்தது, செட் போட்டிருந்த தம்பி ஈக்குவலைசரில் பாஸைத் திருகித் திருகிப் பார்த்தும் தவில் முன்னால் வரவில்லை, கூம்பு கிழிந்துவிட்டதோ என்று பயந்துபோயிருந்தார். அங்கே பார்த்த வரிசையை அப்படியே தருகிறேன்.

முதலில் போனில் இயர்போனைப் போட்டு அதே பாட்டைக் கேட்டோம், தவில் முழுதாக இருந்தது, முக்கியமாக வலது காதில். அப்போதே ஆம்ப்ளிஃபையர்மீதும் கூம்புமீதும் இருந்த சந்தேகம் பாதி போய்விட்டது. அடுத்து வயர். போன் பக்கம் 3.5 பின், ஒரே ஒரு கறுப்பு வளையம். மிக்சர் பக்கம் பி-38, அதுவும் மோனோ. மிக்சர் பக்கம் மோனோவாக இருப்பதில் தவறில்லை, அது மோனோ சேனல்தான். தவறு போன் பக்கத்தில்.

உறுதி செய்ய ஒரு பைசா செலவில்லாத வழி போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் `Settings > Accessibility` உள்ளே `Mono audio` என்று ஒரு சுவிட்ச் இருக்கும் (சில போன்களில் இன்னும் ஒரு படி உள்ளே போய்த் தேட வேண்டும்), ஐபோனில் `Settings > Accessibility > Audio & Visual > Mono Audio`. அதை ஆன் செய்தால் போனே இடதையும் வலதையும் கலந்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே சத்தத்தை அனுப்பும். ஆன் செய்த அந்த நொடியில் தவில் முன்னால் வந்தது, அன்றைய இரவு அப்படியே ஓடியது. இந்தச் சுவிட்சைத் தட்டியதும் காணாமல் போன வாத்தியம் திரும்பினால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம், போன் பக்கப் பின்தான். அவசரத்துக்கு இது போதும். ஆனால் வலது பக்கத்தின் ஷார்ட் அப்படியேதான் இருக்கிறது, தினமும் மணிக்கணக்கில் ஓட்டும் செட்டுக்கு வயரை மாற்றியே ஆக வேண்டும்.

வயரை எப்படி மாற்றுவது. போன் பக்கம் ஸ்டீரியோ ஈ.பி. பின், இரண்டு கோர் ஷீல்டு வயர், மிக்சர் பக்கம் மோனோ பி-38, இரண்டு 1 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர், இவ்வளவுதான். நுனியிலிருந்து வரும் வயரில் ஒரு ரெசிஸ்டர், நடுவளையத்திலிருந்து வரும் வயரில் ஒரு ரெசிஸ்டர், இரண்டின் மறுகாலையும் சேர்த்து பி-38 இன் நுனியில் சால்டர் செய்யுங்கள். ஷீல்டு இரண்டு பக்கமும் அடிப்பாகத்துக்கு. கால் வாட் ரெசிஸ்டர் சின்னது, பி-38 இன் மூடிக்குள்ளேயே அடங்கும், மேலே ஸ்லீவ் போட்டு மூடிவிட்டால் ஒன்றையொன்று தொடாது. 1 கிலோ ஓம் கிடைக்காவிட்டால் 470 ஓம் போடலாம், இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ரெசிஸ்டர் இல்லாமல் இரண்டு வயரையும் நேராக முறுக்கிச் சேர்த்துவிடும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது, ஊர் ஊராக அப்படிப்பட்ட வயர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். இடது பக்கம் ஒரு சத்தத்தையும் வலது பக்கம் வேறு சத்தத்தையும் தள்ளும்போது இரண்டும் நேருக்கு நேர் மோதுகிறது, சத்தம் கரகரக்கும், போனின் உள்ளே ஐ.சி.க்கும் அது சுமை. பாட்டு நன்றாக வருவதுபோல் தெரிந்தாலும் அப்படி விடக்கூடாது.

வயரை முடித்ததும் மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள், இரண்டு முனையும் எதிலும் செருகாமல் கையில் இருக்க வேண்டும். ஒரு பின்னின் அடிப்பாகத்துக்கும் மறு பின்னின் அடிப்பாகத்துக்கும் பீப் வர வேண்டும். நுனிக்கும் அடிக்கும், நடுவுக்கும் அடிக்கும் பீப் வரக்கூடாது. ஓம் பக்கம் மாற்றி ஈ.பி. நுனிக்கும் பி-38 நுனிக்கும் 1 கிலோ ஓம், நடுவளையத்துக்கும் பி-38 நுனிக்கும் அதே 1 கிலோ ஓம் காட்டினால் வயர் தயார்.

## அறிகுறி 3: உம்மென்று இரைச்சல்

இரைச்சலுக்குக் காரணம் பல, ஆகவே ஊகிக்காமல் பிரித்துப் பிரித்துப் போக வேண்டும். வயரை மிக்சரில் வைத்துக்கொண்டே போன் அல்லது லேப்டாப் பக்கம் மட்டும் கழற்றுங்கள். வால்யூம் குறைவாக இருக்கட்டும். கழற்றிய பின்னின் நுனியையும் அடியையும் ஒரு சின்னக் கம்பித் துண்டால் தொட்டு ஷார்ட் செய்யுங்கள்.

ஷார்ட் செய்தும் இரைகிறது என்றால் வயரில் ஷீல்டு அறுந்திருக்கிறது, அல்லது மிக்சர் பக்கப் பின் சரியாக உட்காரவில்லை. பின்னை முழுதாக, கிளிக் கேட்கும்வரை தள்ளுங்கள். பாதியில் நின்ற மோனோ பின்னின் நுனி சாக்கெட்டின் நடுத் தகட்டில் போய் நிற்கும், சத்தம் குறைந்து இரைச்சல் கூடும். அப்புறம் மூடியைக் கழற்றி ஷீல்டு சால்டரைப் பாருங்கள், மடங்கி மடங்கி அங்கேதான் அறும். நல்ல வயர் ஒன்றை மாற்றிப் போட்டும் அதேதான் என்றால் மிக்சர் அல்லது ஆம்ப்ளிஃபையரைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஷார்ட் செய்ததும் அமைதியாகி, லேப்டாப்பில் செருகினால் மட்டும் இரைகிறது என்றால் லேப்டாப் சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் நின்றால் பழி பின்மீது அல்ல, எர்த் சுற்றுமீது. மண்டபத்தில் மிக்சர் மேடையில் ஒரு பாயிண்டிலும் லேப்டாப் வேறு மூலையில் வேறு பாயிண்டிலும் இருக்கும், இரண்டின் எர்த்துக்கும் நடுவே உள்ள சின்ன வித்தியாசம் வயரின் ஷீல்டு வழியாக ஓடுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள், பல நேரம் அதிலேயே அடங்கும். அடங்காவிட்டால் 600 ஓமுக்கு 600 ஓம் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் போட வேண்டும், டி.ஐ. பாக்ஸ் என்று வாங்கினாலும் பல வகைகளில் உள்ளே ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கும்.

பிளக்கின் எர்த் பின்னை உடைத்தோ டேப் சுற்றியோ இரைச்சலை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு லைவ் வயர் பாடியைத் தொட்டால் 230 வோல்ட்டும் மைக் பிடித்திருப்பவர் கையில் வந்து நிற்கும், ஈரக்காலோடு கரகத்துக்கும் தீமிதிக்கும் நடுவே மைக் கொடுக்கும் இடங்கள் நம்முடையவை. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

மிக்சரிலிருந்து தூரத்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் நீள வயரில் இரைச்சல் என்றால் இங்கேதான் மோனோ பின் மறுபடி உள்ளே வருகிறது. மிக்சரின் மெயின் அவுட் சாக்கெட் பார்க்க ஸ்டீரியோ மாதிரியே இருக்கும், ஆனால் அது இடது வலது அல்ல. பேலன்ஸ்டு லைன், நுனியில் ஒரு சிக்னல், நடுவளையத்தில் அதன் தலைகீழ். அதில் மோனோ பின்னைச் செருகினால் தலைகீழ் சிக்னல் எர்த்தோடு ஷார்ட்டாகும். சத்தம் வரும், பல மிக்சர்களில் அளவு கொஞ்சம் குறைந்து வரும், ஆனால் வழியில் கரண்ட் வயரும் சீரியல் செட்டும் ஏற்றிவிடும் இரைச்சலைக் கழித்துத் தள்ளும் வசதி போய்விடுகிறது. இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றும் தெரியாது, பந்தலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்தால் தெரியும். ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடும் பேலன்ஸ்டு என்றால் இரண்டு முனையிலும் ஸ்டீரியோ பி-38, நடுவில் இரண்டு கோர் ஷீல்டு வயர். கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் ஒரு முழமாவது தள்ளிப் போடுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்க்கோணமாகக் கடக்கட்டும். ஆம்ப்ளிஃபையர் உள்ளீடு மோனோவாக இருந்தால் மிக்சர் பக்கத்தில் நடுவளையத்தைச் சும்மா விடுவதா எர்த்தில் சேர்ப்பதா என்பது மிக்சருக்கு மிக்சர் மாறும், அதன் கையேட்டில் போட்டிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள்.

## அறிகுறி 4: வாத்தியம் எல்லாம் இருக்கிறது, பாடுபவர் குரல் மட்டும் இல்லை

மேலே சொன்னதற்கு நேர் எதிர்த் தவறு. போனின் ஸ்டீரியோ சத்தத்தை ஸ்டீரியோ வயரால் மிக்சரின் பேலன்ஸ்டு மோனோ உள்ளீட்டில் கொடுத்துவிட்டீர்கள். அது நுனிக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும், இரண்டிலும் சமமாக உள்ள குரல் கழிந்து போய்விடும். அறிகுறி 2 இல் சொன்ன ரெசிஸ்டர் வயர்தான் இதற்கும் மருந்து. இங்கே `Mono audio` சுவிட்சைப் போட்டால் குரலோடு வாத்தியமும் சேர்ந்து மொத்தமாக அடங்கிவிடும், அதை வைத்தே இந்தத் தவறைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஹெட்போனிலேயே குரல் இப்படிக் குழியாகக் கேட்டால் எர்த் வயர் அறுந்திருக்கிறது. பின்னைக் கொஞ்சம் அழுத்தினால் குரல் திரும்புகிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 5: பாட்டு தானாக நிற்கிறது, ஓடுகிறது

மைக்கோடு சேர்ந்த போன் சாக்கெட்டில் மோனோ பின்னின் அடிப்பாகம் வலது, எர்த், மைக் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஹெட்செட் பட்டனை அழுத்தினாலும் மைக்கும் எர்த்தும்தான் ஷார்ட்டாகும், ஆகவே பின் அசையும்போதெல்லாம் போன் அதைப் பட்டன் என்று நினைத்துப் பாட்டை நிறுத்தும். ஸ்டீரியோ பின் போட்டும் இது தொடர்ந்தால், மைக் தகட்டைத் தனியாக விட்டுவிடும் மூன்று வளையப் பின்னுள்ள வயரை வாங்குங்கள், வயரைப் போனருகே ஒரு சுற்றுச் சுற்றி டேப்பால் பிடித்துவிடுங்கள்.

## எப்போது கடைக்கு, எப்போது எலக்ட்ரீஷியனுக்கு

வயரை மாற்றி, அடாப்டரை மாற்றி, ஸ்டீரியோ பின்னை உறுதி செய்த பிறகும் ஹெட்போனில் வலது பக்கம் வரவில்லை என்றால், மோனோ பின் நாள்கணக்கில் உள்ளே கிடந்ததால் வலது பக்க ஐ.சி. போயிருக்கலாம். பெரும்பாலான மிக்சர்களிலும் போன்களிலும் இந்த ஷார்ட்டைத் தாங்க ரெசிஸ்டரோ பாதுகாப்போ இருக்கும், அதனால் ஒருமுறை தவறாகச் செருகியதற்குப் பயப்பட வேண்டாம். மிக்சரில் சாக்கெட் மாற்றுவது சின்ன வேலை, ஐ.சி. மாற்றுவது அதைவிடக் கொஞ்சம் அதிகம். போனில் இரண்டுமே செலவு பிடிக்கும், அங்கே யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் ஒன்றை வாங்கிவிடுவது பல நேரம் மலிவு. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது "சத்தம் வரல" என்று மட்டும் சொல்லாமல் எந்தப் பக்கம் வரவில்லை, எந்தப் பின் எவ்வளவு நேரம் போட்டிருந்தது என்று சொல்லுங்கள், அவர் நேராக அந்த இடத்துக்குப் போவார்.

மிக்சரையோ மைக்கையோ லேப்டாப்பையோ தொடும்போது கை ஜிவ்வென்று இழுத்தால் அத்தோடு எல்லாச் சோதனையையும் நிறுத்துங்கள். மெயினை அணையுங்கள், மைக்கை யாரிடமும் கொடுக்காதீர்கள். அது ஆடியோ வேலை இல்லை, பந்தலின் எர்த்தையும் ஜெனரேட்டர் இணைப்பையும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகுதான் செட்டை மறுபடி ஆன் செய்ய வேண்டும்.